சைலஸ் மார்னர் எழுதிய டைரி

போகிக்கு முன்னால் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது பேத்தியின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நோட்டு ஒன்று கிடைத்தது. நடுவில் ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் ஐந்துக்கு மூன்றரை என்று மார்க். அதைப் பார்த்ததும் எரிப்பதற்குக் கட்டி வைத்திருந்த காகிதத்தை எல்லாம் மறந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எழுந்திருக்க முடியாம அப்புறம் என்னைத்தான் கூப்பிடப் போறீங்க" என்று வீட்டில் சத்தம் வந்தது. உண்மைதான், கூப்பிட்டேன்.

இது 2014-ல் நடந்தது. பேத்தி அப்போது அவள் அம்மாவோடு, அதாவது என் மகளோடு, காலடிப்பேட்டையில் இருந்தாள். நான் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் போய்விடுவேன். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தச் சமயம் பாடப் புத்தகத்தோடு ஒரு முழு நாவலும் படிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இரண்டு நாவலில் ஒன்று. 'தி இன்விசிபிள் மேன்' அல்லது 'சைலஸ் மார்னர்'. இவள் பள்ளியில் சைலஸ் மார்னர். எங்கள் காலத்து நான்-டீடெய்ல்டு புத்தகம் நினைவிருக்கிறவர்களுக்குப் புரியும், கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எங்களுக்குக் கதைச் சுருக்கம் எழுதினால் போதும். இவர்களுக்கு டீச்சர் கொடுத்த வேலை வேறு. குழந்தை கிடைத்த அன்று இரவு சைலஸ் மார்னர் டைரி எழுதினால் எப்படி எழுதுவான், நூற்றைம்பது வார்த்தையில் எழுதி வா என்பது.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் ஜார்ஜ் எலியட். பெயர்தான் ஆண் பெயர், எழுதியவர் பெண்மணி. 1861-ல் வந்த புத்தகம். சைலஸ் ஒரு கைத்தறி நெசவாளி. லான்டர்ன் யார்டு என்ற இடத்தில் ஒரு சிறு கிறிஸ்தவ சபையில் இருந்தவன். சபைப் பணத்தைத் திருடிவிட்டான் என்று அவன் மேல் பழி விழுகிறது. பழி விழ வைத்தது உயிர் நண்பன். சீட்டுப் போட்டுப் பார்த்து இவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுகிறார்கள். கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் அந்த நண்பனையே கட்டிக்கொள்கிறாள். சைலஸ் ஊரை விட்டு ரேவலோ என்ற கிராமத்துக்கு வந்து, பதினைந்து வருஷம் யாரோடும் ஒட்டாமல் தறி நெய்து, பொன் காசு சேர்த்து, தரைச் செங்கலுக்கு அடியில் ஒளித்து வைத்து, ராத்திரி ராத்திரி எடுத்து எண்ணிப் பார்க்கிறான். ஒருநாள் அதுவும் களவு போகிறது. அதற்கு ஒரு மாதம் கழித்து, வருஷக் கடைசி இரவில், பனி கொட்டும்போது, எங்கிருந்தோ ஒரு குழந்தை தவழ்ந்து நடந்து அவன் குடிசைக்குள் வந்து அடுப்பருகே படுத்துத் தூங்குகிறது. கண் பார்வை மங்கிய சைலஸ் அதன் பொன்னிறத் தலைமுடியைப் பார்த்துத் தன் காசுதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டுகிறான். கையில் பட்டது மெத்தென்ற சுருள் முடி.

அந்த இரவுக்குத்தான் டைரி.

பேத்தி முதலில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். மேலே இடது பக்கம் தேதி, கிழமை, நேரம். டைரி என்றால் அந்த மூன்றும் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மார்க் போய்விடும். 31 டிசம்பர் 2014, புதன், இரவு 10 மணி என்று போட்டிருந்தாள். "அந்த ஆளு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இல்ல இருந்தான்?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாவலில் வருஷமே கிடையாது. நெப்போலியன் காலத்துச் சண்டை சமயம் என்று தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்துப் புத்தகங்களில் போடுகிற மாதிரி 18 போட்டு ஒரு கோடு இழுத்துவிடு என்றேன். அது சுலபமாக முடிந்தது.

விஷயம் அதற்குக் கீழே இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி எழுதியிருந்தாள்: அன்புள்ள டைரியே, இன்று என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். எனக்கு வலிப்பு வந்து நான் நினைவில்லாமல் கதவருகே நின்றபோது எப்பி உள்ளே வந்தாள். அவள் அம்மா மாலி அபின் சாப்பிட்டுப் பனியில் இறந்துவிட்டாள். எப்பியின் உண்மையான அப்பா காட்ஃப்ரே வந்து பார்த்தார், ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. பணத்தைவிட அன்பே பெரியது என்று இன்று புரிந்துகொண்டேன்.

பிழை இல்லாத ஆங்கிலம். என் மகள் "நல்லாதானே இருக்கு" என்றாள். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது, ஆனால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நீள நீளமான வாக்கியங்கள், அகராதி பக்கத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் பென்சிலோடு போனேன்.

"இந்த டைரியை சைலஸ் எழுதலைம்மா. நாவல் எழுதின அந்த அம்மா எழுதின மாதிரி இருக்கு" என்றேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் வலிப்பு. சைலஸுக்கு அவ்வப்போது உடம்பு விறைத்து, கண் திறந்தபடியே நினைவு தப்பிவிடும். கதவைச் சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டான், அந்த நேரத்தில் குழந்தை அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டது. இது நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நினைவு திரும்பியபோது நடுவில் நேரம் போனதே அவனுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்துகிறான், திரும்பி அடுப்பைப் பார்க்கிறான், ஏதோ மின்னுகிறது. ஆக அவன் டைரியில் வலிப்பு வரவே கூடாது. குழந்தை எப்படி உள்ளே வந்தது என்றே தெரியவில்லை என்றுதான் வர வேண்டும்.

அடுத்தது பெயர்கள். எப்பி என்ற பெயரை அவன் பிறகுதான் வைக்கிறான், அது அவன் தாயாருக்கும் செத்துப்போன தங்கைக்கும் உள்ள பெயர். அந்த இரவில் அது பெயரில்லாத ஒரு குழந்தை, அவ்வளவுதான். மாலி என்ற பெயரும் அவனுக்குத் தெரியாது. பனியில் பதிந்த சின்னக் காலடியைத் தொடர்ந்து போனவன் ஒரு முட்புதர் அருகே கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்தான், அவ்வளவே. அபினும் தெரியாது. காசைத் திருடியது யார் என்றும் தெரியாது, அது தெரிய இன்னும் பதினாறு வருஷம் இருக்கிறது.

"அப்போ என்னதான் தாத்தா தெரியும் அவனுக்கு? ஒண்ணுமே எழுத முடியாதே" என்று சலித்துக்கொண்டாள்.

தெரிந்தவற்றைப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டோம். குழந்தையின் செருப்பு நனைந்திருந்தது, கழற்றினான். அழுதது. கஞ்சியில் பழுப்புச் சர்க்கரை போட்டு ஊட்டினான். தான் சின்னப் பையனாக இருந்தபோது தூக்கித் திரிந்த தங்கையின் நினைவு வந்தது. பழைய வருஷம் போய்ப் புது வருஷம் வருகிற மணியோசையைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தால் போன காசு திரும்பும் என்று ஊரார் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் கதவைத் திறந்து திறந்து வெளியே பார்த்தான். இதெல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. மேலும் ஒன்று. பெரிய பண்ணை வீட்டில் விருந்து நடக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டே அங்கே டாக்டரைத் தேடிப் போனான். பிறகு அந்த வீட்டு மகன் காட்ஃப்ரே இவன் குடிசைக்கு வந்தான். குழந்தைக்குத் துணி வாங்க என்று அரை கினி கொடுத்தான்.

இந்த இடத்தில் நான் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். காட்ஃப்ரேதான் குழந்தையின் அப்பன். ஊருக்குத் தெரியாமல் செய்த கல்யாணம். படிக்கிற நமக்கு அந்த அரை கினி எதற்கு என்று தெரியும், குற்ற உணர்ச்சி. சைலஸுக்குத் தெரியாது. ஆனால் காசு எண்ணியே பதினைந்து வருஷம் கழித்தவன், அவன் கையில் வந்த பொன் காசை டைரியில் எழுதாமல் விடமாட்டான். ஒரு கினி இருபத்தோரு ஷில்லிங். அரை கினி என்றால் பத்தரை ஷில்லிங். அவன் அதைக் கணக்காகத்தான் எழுதுவான். எழுதினவனுக்குக் கணக்கு, படிக்கிறவனுக்கு நெஞ்சில் குத்தும்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தாத்தா, அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றாள்.

நல்ல கேள்வி. எனக்கே தோன்றவில்லை. திரும்பத் தேடினோம். கிறிஸ்துமஸ் சமயம் டாலி என்ற அந்த ஊர்ப் பெண்மணி அவனுக்குப் பலகாரம் கொண்டுவருகிறாள், அதன் மேல் மூன்று எழுத்து குத்தியிருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சைலஸ் வாசித்துவிடுகிறான், அதைப் பார்த்து அவள் பையன் வியக்கிறான். சரி, எழுத்து தெரியும். ஆனால் "அன்புள்ள டைரியே" என்று எழுதுகிற ஆளா? சத்தியமாக இல்லை. ஆசிரியையே ஓர் இடத்தில், தனிச் சிறையில் கிடக்கிறவன் சுவரில் கோடு கோடாகப் போட்டு நாளைத் தள்ளுவதோடுதான் அவன் காசு சேர்ப்பதை ஒப்பிடுகிறார்.

கோடு என்றதும் எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. நான் பார்த்த வேலையே அதுதானே.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ், வேலை கப்பலடியில். கிரேன் ஒவ்வொரு முறை சுமையை இறக்கும்போதும் அதில் எத்தனை பெட்டி, என்ன மார்க் என்று பார்த்துத் தாளில் கோடு போட வேண்டும். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்குக் கோடு. ஷிப்ட் முடிந்ததும் கூட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் சம்பளம், அதற்குத்தான் ஆபத்தும்.

1979-ல் நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் ஆறு பெட்டி குறைந்தது. கப்பலிலிருந்து இறங்கியது என்று என் தாள் சொல்கிறது, ஷெட்டில் இல்லை. நான்தான் வெளியே போக விட்டேன் என்று முடிவு செய்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அடுத்த ஷிப்டில் என் இடத்தில் நின்ற சிநேகிதருக்கு அந்தப் பெட்டிகள் வேறு ஷெட்டுக்குப் போனது தெரியும். சொல்லவில்லை. சொன்னால் தன் தாளையும் பார்ப்பார்கள் என்ற பயம். பத்தொன்பது நாள் கழித்து வேறு மார்க் சரக்கோடு கலந்து ஆறும் கிடைத்தன. திரும்ப வரச் சொன்னார்கள். அவ்வளவுதான், யாரும் எதுவும் பேசவில்லை. அவரோடு அதற்கப்புறமும் பல வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

ஆபீஸில் கொடுக்கிற டைரிகளை நான் தூக்கிப் போட்டதில்லை. மறுமுறை காலடிப்பேட்டைக்குப் போகும்போது 1979 டைரியை எடுத்துப் போனேன். வேலை போன நாளின் பக்கத்தைப் பேத்திக்குக் காட்டினேன். இவ்வளவுதான் அதில் இருந்தது:

2-ம் ஹாட்ச். 412 பெட்டி. டீ 30 பைசா. பஸ் 25 பைசா. நாளை வர வேண்டாம் என்றார்கள். அரிசி வாங்கவில்லை.

"அழுதேன்னு எழுதலையா?" என்றாள்.

"அழுதேன். எழுதலை."

"ஏன் அரிசி வாங்கலை?"

அதற்குத்தான் முழுக் கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுவரை வீட்டில் என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. சமையலறையில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த என் மகள் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். "அப்பா, என்னைக் கொண்டுபோய் ஆயா வீட்டுல விட்டீங்களே, நான் தினமும் ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு இருப்பேனே, அது இதுக்குத்தானா?" என்றாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. அவள் நினைவில் வைத்திருப்பாள் என்று நான் எண்ணியதே இல்லை. ஆமாம்மா என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். குழம்பில் அன்று உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

பேத்தி அன்று மாலை மறுபடி எழுதினாள். அவள் எழுதிய ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் தருகிறேன்.

"டிசம்பர் 31, 18—. மணி அடிப்பதற்கு முன்.

தறி இன்று பாதி நாள்தான் ஓடியது. வெளியே பனி. விழித்திருந்தால் காசு வரும் என்றார்கள். கதவைத் திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. சாத்திவிட்டுத் திரும்பினால் அடுப்பருகே பொன் கிடந்தது. தொட்டேன். முடி. குழந்தை. எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை. நான் கதவை விட்டு நகரவே இல்லை.

கஞ்சி கொடுத்தேன், இருந்த சர்க்கரை எல்லாம் போட்டு. செருப்பு ஈரம். என் தங்கைக்குச் செருப்பே கிடையாது.

வெளியே ஒரு பெண் இறந்து கிடந்தாள். யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையை விட்டுப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பெரிய வீட்டு மகன் வந்தார். குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். துணிக்கு என்று அரை கினி. நல்ல மனிதர்.

போனது 272 பவுன், 12 ஷில்லிங், 6 பென்ஸ். வந்தது அரை கினி. இன்று எண்ணவில்லை. மடியில் தூங்குகிறது, கை எடுக்க முடியவில்லை."

'நல்ல மனிதர்' என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே எழுதியது. அந்த இரண்டு வார்த்தையை வாசித்தபோது எனக்கு அந்த டீ பெஞ்சு ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு இடத்தில் நான் குறுக்கே விழுந்தேன். கை எடுக்க முடியவில்லை என்றால் எப்படி எழுதினான் என்று கேட்டேன். "ஒரு கைதான் தாத்தா குழந்தை மேல" என்று சொல்லிவிட்டாள். சரி, போகட்டும்.

டீச்சரிடமிருந்து நோட்டு திரும்பி வந்தபோது 'மணி அடிப்பதற்கு முன்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் 'நேரம்?' என்று ஒரு கேள்வி. அரை மார்க் அதற்கு. அடியில், உணர்ச்சிகளை இன்னும் விளக்கமாக எழுதவும், வார்த்தை எண்ணிக்கை குறைவு என்று குறிப்பு. அதற்கு ஒரு மார்க். மீதி மூன்றரை. டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் நாற்பது நோட்டு, ஒவ்வொன்றுக்கும் இன்னின்னது இருந்தால் இத்தனை மார்க் என்று ஒரு கணக்கு. அதுவும் ஒரு டாலி ஷீட்தானே. பேத்திக்குத்தான் கோபம். பழைய 'அன்புள்ள டைரியே'வைக் கொடுத்திருந்தால் நாலரை வந்திருக்கும் என்றாள். வந்திருக்கும்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் சைலஸ், வளர்ந்த எப்பியை அழைத்துக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து லான்டர்ன் யார்டைத் தேடிப் போகிறான். தன் மேல் விழுந்த பழி என்ன ஆயிற்று, அவர்களுக்கு உண்மை தெரிந்ததா என்று கேட்க. அங்கே சபையும் இல்லை, சந்தும் இல்லை. பெரிய ஃபாக்டரி ஒன்று நிற்கிறது, சாப்பாட்டு வேளையில் ஜனங்கள் வெளியே வருகிறார்கள். பேத்தி அதை வாசித்தபோது "நம்ம ஊர் மாதிரி" என்றாள். இருந்த வீடே நெசவாளர் பேட்டையில்தான். கம்பெனி கவர்னர் காலட் 1717-லிருந்து 1720 வரை சென்னையில் இருந்தவர், நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர், காலட் பேட்டை என்பதுதான் காலடிப்பேட்டை ஆனது. நான் போய்வந்த காலத்தில் அங்கே தறிச் சத்தம் காதில் விழுந்ததில்லை. இப்போது மெட்ரோ ஸ்டேஷனே வந்துவிட்டது.

என் ஆபீஸ் இருந்த தம்புச் செட்டித் தெருக் கட்டடத்தைத் தேடி நானும் ஒருமுறை போனேன். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

பேத்தி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுது தாத்தா, ஆனா மார்க் எவ்வளவுன்னு மட்டும் போடாதே" என்றாள். அதற்குள் முதல் பாராவை எழுதி முடித்திருந்தேன்.